முதல் பக்கத்தோடு நின்றுபோகும் கணக்கு

ஒரு ஜவுளிக்கடையை எடுத்துக்கொள்வோம். நேரிலும் விற்கிறார்கள், இணையத்திலும் விற்கிறார்கள். இணைய விற்பனைக்கான பணம் ஒரு பேமெண்ட் கேட்வே வழியாக வருகிறது. தினமும் விடிகாலையில் ஒரு சிறு நிரல் ஓடி, முந்தைய நாளின் பரிவர்த்தனைகளை கேட்வேயின் ஏபிஐயிடம் கேட்டு வாங்கி, கடையின் தரவுத்தளத்தில் சேர்த்துவிடும். காலை 9 மணிக்கு முதலாளியின் கைபேசியில் நேற்றைய விற்பனை அறிக்கை வந்து நிற்கும்.

நிரலை எழுதியது ஜூன் மாதம். அப்போது நாளொன்றுக்கு 40, 50, மிஞ்சிப்போனால் 60 பரிவர்த்தனை. ஒரு கோரிக்கைக்கு அதிகபட்சம் 100 பதிவுகள் தருவோம் என்று ஏபிஐயின் ஆவணம் சொன்னது. 60-க்கு 100 தாராளம் என்று `limit=100` என எழுதி, வந்த பதிலை அப்படியே சேமித்துவிட்டு நிரலாளர் அடுத்த வேலைக்குப் போய்விட்டார். ஜூன் மாதக் கணக்கு பைசா பிசகாமல் சரியாக இருந்தது.

ஆடித் தள்ளுபடி தொடங்கியதும் பரிவர்த்தனை 130 ஆனது. தீபாவளிக்கு முந்தைய வாரம் 240. நிரல் அப்போதும் 100 பதிவுகளையே கொண்டுவந்தது. பில் ஒன்றுக்குச் சராசரி 1,200 ரூபாய் என்றால் உண்மையான விற்பனை 2,88,000 ரூபாய். அறிக்கையில் வந்தது ஏறக்குறைய 1,20,000 ரூபாய். எந்தப் பிழைச்செய்தியும் வரவில்லை. ஏபிஐ ஒவ்வொரு நாளும் 200 என்ற வெற்றிக் குறியீட்டோடுதான் பதில் சொன்னது. அதன் பக்கம் தவறும் இல்லை: 100 கேட்டார்கள், 100 கொடுத்தது, இன்னும் இருக்கிறது என்பதையும் பதிலிலேயே ஒரு புலத்தில் எழுதி அனுப்பியது. அந்தப் புலத்தை வாங்கிய நிரல் படிக்கவில்லை.

வெளியார் ஏபிஐயிலிருந்து தரவு இழுக்கும் வேலையில் இதைப்போல அடிக்கடி நேரும் தவறு வேறொன்றை நான் அதிகம் கண்டதில்லை. இதைச் சின்னப் பிழை, ஒரு வளையம் சேர்த்தால் சரியாகிவிடும் என்று பலர் கடந்துபோகிறார்கள். வளையம் சேர்ப்பது எளிதுதான். ஆனால் காணாமல்போன பதிவுகள் எவை, அவை ஏன் இத்தனை நாள் கண்ணில் படவில்லை, எல்லாப் பக்கங்களையும் படித்த பிறகும் ஏன் சில விடுபடுகின்றன என்ற கேள்விகளுக்குள் போனால், விஷயம் அத்தனை எளிதாக இல்லை.

ஏன் பக்கம் பக்கமாக?

ஒரு சேவையிடம் லட்சம் பதிவுகள் இருக்கின்றன. யாரோ ஒருவர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்கிறார். சர்வர் அத்தனையையும் நினைவகத்தில் திரட்டி, ஒரே பதிலாகக் கட்டி அனுப்ப வேண்டும். நூறு பேர் ஒரே நேரத்தில் அப்படிக் கேட்டால் தாங்காது. அதனால் பதிவுகளைப் பகுதி பகுதியாகத்தான் தருகிறார்கள். கேட்பவர் அளவு எதுவும் சொல்லாவிட்டால் சேவை தானே ஓர் அளவை வைத்துக்கொள்ளும். இந்த இயல்பளவு பலர் நினைப்பதைவிட மிகச் சிறியது. ஸ்ட்ரைப், ரேசர்பே இரண்டிலும் 10. கிட்ஹப்பில் 30. மருத்துவ ஆய்வுகளைத் தேடும் பப்மெட்டின் ஏபிஐயில் 20. இந்திய அரசின் திறந்த தரவுத் தளமான data.gov.in-இல் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று ஒரு மாதிரிச் சாவி கொடுத்திருக்கிறார்கள். அதை வைத்துக் கேட்டால் 10 பதிவுகளுக்கு மேல் வராது. கல்லூரி மாணவர்கள் அந்தச் சாவியோடு செயல்திட்டம் செய்து, பத்து வரிகளை வைத்து வரைபடம் போட்டுவிடுவதற்கு இடம் இருக்கிறது. பதிலின் தலையிலேயே `total` என்ற புலத்தில் மொத்த எண்ணிக்கை எழுதியிருக்கும்.

மீதி இருக்கிறது என்பதைச் சொல்லும் முறையில்தான் சேவைக்குச் சேவை மாறுபாடு. கிட்ஹப் அதைப் பதிலின் உடலில் சொல்லாமல், `Link` என்ற தலைப்புவரியில் அடுத்த பக்கத்தின் முழு முகவரியாகத் தருகிறது. பதிலின் உடலை மட்டும் பார்க்கும் நிரலுக்கு அது தெரியவே தெரியாது. ஸ்ட்ரைப் `has_more` என்று உடலிலேயே சொல்கிறது. அமேசானின் எஸ்3 சேமிப்பகம் ஒரு முறைக்கு 1,000 கோப்புப் பெயர்கள் வரை தந்து, `IsTruncated` என்று சொல்லும். விக்கிப்பீடியாவின் ஏபிஐ `continue` என்ற தொகுதியை இணைக்கும். அது இருந்தால் இன்னும் இருக்கிறது, இல்லாவிட்டால் முடிந்தது. ரேசர்பேயின் பட்டியல் பதிலில் `count` என்று ஒரு புலம் உண்டு. பெயரைப் பார்த்ததும் மொத்த எண்ணிக்கை என்று தோன்றும். அது அந்தப் பதிலில் வந்த பதிவுகளின் எண்ணிக்கை மட்டுமே. `count` 100, வந்தவை 100, எல்லாம் வந்துவிட்டது என்று சரிபார்க்கும் நிரல், தன் நிழலைத் தானே அளந்து பார்த்துத் திருப்தி அடைகிறது.

எவை காணாமல் போகின்றன?

இந்தப் பிழையின் முழுக் கேடும் இங்கேதான் இருக்கிறது. 240-இல் 100 வந்தது என்றால், குலுக்கல் முறையில் எடுத்த 100 என்று பொருளில்லை. பட்டியல் ஏதோ ஒரு வரிசையில் அடுக்கப்பட்டு, அதன் ஒரு முனை வெட்டி எடுக்கப்பட்டிருக்கிறது. எந்த முனை என்பதை அந்த வரிசை தீர்மானிக்கிறது.

பணப் பரிவர்த்தனைப் பட்டியல்கள் பெரும்பாலும் புதியது முதலில் என்ற வரிசையில் வரும். ஸ்ட்ரைப் அப்படித்தான் தருகிறது. நம் கடையின் கேட்வேயும் அப்படியே என்று கொள்வோம். தீபாவளி வாரத்தில் காலை 8 மணி முதல் நள்ளிரவு வரை 16 மணி நேரத்தில் 240 பரிவர்த்தனைகள் சீராக வந்தால், மணிக்கு 15. கடைசி 100 என்பது கடைசி 6 மணி 40 நிமிடம். அதாவது மாலை 5.20-க்கு முன் நடந்த விற்பனை எதுவும் அறிக்கையில் இல்லை. மணிவாரி வரைபடத்தைப் பார்க்கும் முதலாளிக்கு, பண்டிகைக் காலத்தில் மக்கள் சாயங்காலம்தான் வாங்குகிறார்கள் என்று தோன்றும். நம்பும்படியான கதை அது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து வாங்குகிறார்கள் என்று காரணமும் தானே கிடைத்துவிடும். காலை விளம்பரத்தை நிறுத்தி, பொதி கட்டும் ஆட்களை மாலைக்கு மாற்றுவார். தவறான எண் அறிக்கையிலிருந்து இறங்கி நடைமுறைக்குள் வந்துவிட்டது.

தமிழ் விக்கிப்பீடியாவிலிருந்து ஓர் உதாரணம் சொன்னால் இது இன்னும் துலங்கும். ஒரு பகுப்பில் உள்ள கட்டுரைகளை `categorymembers` என்ற கோரிக்கையால் கேட்கலாம். எதுவும் சொல்லாமல் கேட்டால் 10 தலைப்புகள் வரும். சாதாரணப் பயனர் உச்சமாக 500 கேட்கலாம். இயல்பான வரிசை தலைப்பின் அகரவரிசை. ஆகவே பெரிய பகுப்பு ஒன்றில் முதல் பக்கத்தோடு நின்றால் கையில் இருப்பவை பெரும்பாலும் உயிரெழுத்துகளில் தொடங்கும் தலைப்புகள். ஊர்ப்பெயர்கள் எந்த எழுத்தில் அதிகம் தொடங்குகின்றன என்று ஆராயும் ஒருவர் இந்தத் தரவை வைத்துக்கொண்டு அ, ஆ, இ என்று முடிவு சொன்னால், அவர் அளந்தது தமிழ் ஊர்ப்பெயர்களின் இயல்பை இல்லை, பக்கத்தின் நீளத்தை. மதுரையும் வேலூரும் அவருடைய அட்டவணைக்குள் நுழையவே இல்லை.

அடுத்து வருவதை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் தரவு நிரந்தரமாகத் தொலைவது இதனால்தான். நாள் முழுவதையும் கேட்காமல், கடைசியாக எதுவரை வாங்கினோமோ அதற்குப் பிறகு வந்தவற்றை மட்டும் கேட்கும் நிரல்கள் நிறைய உண்டு. மணிக்கு ஒருமுறை ஓடும் அப்படி ஒரு நிரலின் குறிப்பில், கடைசியாக வாங்கியது மாலை 4.00 மணிவரை என்று இருக்கிறது. 4 மணிக்கும் 5 மணிக்கும் இடையே 130 பரிவர்த்தனை நடக்கிறது. 5 மணிக்கு நிரல் கேட்கிறது. புதியது முதலில் என்பதால் 5.00-இலிருந்து பின்னோக்கி 100 வருகிறது. அதாவது சுமார் 4.14 வரை. வந்தவற்றுள் மிகப் புதியதன் நேரத்தை எடுத்து, அடுத்த முறை 5.00-இலிருந்து கேள் என்று நிரல் குறித்துக்கொள்கிறது. 4.00 முதல் 4.14 வரையிலான 30 பதிவுகளை இனி யாரும் கேட்கப்போவதில்லை.

அதே நிரல், அதே 100, ஆனால் பழையது முதலில் என்ற வரிசை என்றால் என்ன நடக்கும்? 4.00 முதல் 4.46 வரை வரும். குறிப்பு 4.46-இல் நிற்கும். அடுத்த மணியில் அங்கிருந்து தொடரும். கூட்டம் குறைந்ததும் பாக்கி தீர்ந்துவிடும். பிழை அப்போதும் இருக்கிறது, ஆனால் அதன் விளைவு தாமதம் மட்டுமே. ஆகவே ஏபிஐ வரிசையைத் தேர்ந்தெடுக்க அனுமதித்தால், தொடர்ச்சியாக இழுக்கும் நிரலுக்குப் பழையது முதலில் என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து.

இன்னொரு கேடும் உண்டு. வெளியாரிடம் உள்ள பட்டியலையும் நம்மிடம் உள்ளதையும் ஒன்றாக வைத்திருக்கும் நிரல்கள், இந்த முறை வராத பதிவு அங்கே அழிக்கப்பட்டிருக்கும் என்று முடிவுகட்டி இங்கேயும் அழிக்கும். வாடிக்கையாளர் பட்டியல் 100-ஐத் தாண்டும் நாளில் 101-ஆவது ஆளிலிருந்து எல்லோரும் அழிந்துபோவார்கள். பட்டியல் கடைசிவரை படிக்கப்பட்டது என்ற உறுதி இல்லாமல் எந்த நிரலும் எதையும் அழிக்கக் கூடாது.

ஏன் கண்ணில் படுவதில்லை?

நிரல் எழுதும்போது சோதனைக் கணக்கில் மூன்று நான்கு பதிவுகள்தான் இருக்கும். பக்கம் நிரம்பாது. நிரம்பாத பக்கத்தில் முதல் பக்கமும் முழுப் பட்டியலும் ஒன்றே. பிழை பிறந்த நாளில் அதைக் காட்டும் தரவு உலகத்திலேயே இல்லை. தொழில் வளர்ந்த பிறகுதான் வருகிறது. அதற்குள் எழுதியவர் வேறு நிறுவனத்துக்குப் போயிருப்பார், நிரல் நம்பகமானது என்று பெயர் வாங்கியிருக்கும்.

நம் கடையில் வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டால் தெரிந்திருக்குமே என்று கேட்கலாம். ஆனால் வங்கிக்கு வரும் தொகை, கேட்வே தன் கமிஷனைக் கழித்துக்கொண்டு, ஓரிரு நாள் கழித்து, பல பரிவர்த்தனைகளைச் சேர்த்து அனுப்பும் தொகை. நாளுக்கு நாள் நேராகப் பொருந்தாது. பொருந்தாததற்குக் கமிஷன், தாமதம், ரீஃபண்ட் என்று காரணங்கள் ஏற்கனவே கைவசம் இருக்கின்றன. புதிய வித்தியாசம் அந்தப் பழைய காரணங்களுக்குள் புகுந்து மறைந்துகொள்கிறது. அறிக்கை ரூபாயில் இருப்பதும் ஒரு மறைப்பு. எண்ணிக்கையைக் காட்டியிருந்தால் 100, 100, 100 என்று வரிசையாக நிற்பதை யாரும் ஒரு வாரத்தில் கவனித்திருப்பார்கள். 1,18,450, 1,23,900, 1,19,275 என்று ரூபாய் மாறிக்கொண்டே இருப்பதால் சந்தேகம் எழவில்லை.

ஆனாலும் அடையாளங்கள் உண்டு. முதல் அடையாளம், ஒவ்வொரு இழுப்பிலும் வந்த எண்ணிக்கை பக்க அளவுக்குச் சமமாக இருப்பது. ஒவ்வொரு இழுப்புக்கும் ஓர் எண் கொடுத்துச் சேமித்திருந்தால் இப்படிக் கேட்டுப் பார்க்கலாம்:

```sql
SELECT pull_id, COUNT(*) AS n
FROM payments_raw
GROUP BY pull_id
HAVING COUNT(*) IN (10, 20, 25, 30, 50, 100, 250, 500, 1000);
```

எப்போதாவது ஒருநாள் உண்மையிலேயே 100 வரலாம். தொடர்ந்து மூன்று நாள் 100 வந்தால் அது தற்செயல் கிடையாது.

இரண்டாவது, முனையைப் பார்ப்பது. நாள் முழுவதையும் கேட்டிருக்கிறோம். வந்தவற்றில் மிகப் பழைய பதிவின் நேரம் என்ன? தினமும் காலை 8 மணிக்கு அருகில் இருந்தது, கூட்டம் அதிகமான நாட்களில் மட்டும் மாலைக்கு நகர்ந்தால், வெட்டு எங்கே விழுந்தது என்பதை அந்த நேரமே காட்டிவிடும்.

மூன்றாவது அடையாளம்தான் நடைமுறையில் பலமுறை காட்டிக்கொடுப்பது: தாய் இல்லாத பிள்ளைப் பதிவுகள். ரீஃபண்டுகளைத் தனியாக வேறொரு கோரிக்கையால் இழுப்பார்கள். அவை நாளுக்கு ஐந்தோ பத்தோ, பக்கம் நிரம்பாது, எனவே முழுமையாக வந்துவிடும். அவற்றைப் பரிவர்த்தனைப் பட்டியலோடு பொருத்தினால், சில ரீஃபண்டுகளுக்கு உரிய பரிவர்த்தனை இருக்காது. பணம் வராமலே பணம் திருப்பித் தந்ததுபோல ஒரு பதிவு. கணக்கர் இதைக் கொண்டுவந்து காட்டும்போது, அந்த ஒரு வரியைக் கையால் சேர்த்துச் சரிசெய்துவிடுவது வழக்கம். அப்படிச் செய்யக் கூடாது. பத்து ரீஃபண்டில் ஆறுக்குத் தாய்ப்பதிவு இல்லை என்றால், பரிவர்த்தனைகளிலும் ஏறக்குறைய அந்த விகிதம் விடுபட்டிருக்கிறது என்று கொண்டு தேட வேண்டும்.

வளையமும் அதன் முடிவும்

திருத்தம் இதுதான்:

```python
rows, after = [], None
while True:
    page = fetch(start, end, limit=100, after=after)
    rows += page["data"]
    if not page["has_more"]:
        break
    after = page["data"][-1]["id"]
save(rows)
```

இதில் கவனிக்க வேண்டியது வளையம் எப்படி முடிகிறது என்பது. சேவையே முடிந்தது என்று சொன்னபிறகு முடிகிறது. 100-க்குக் குறைவாக வந்தால் முடிந்தது என்று நாமே ஊகித்துக்கொள்ளும் நிரல்கள் ஏராளம். பல சேவைகளில் அது சரியாக வரும், சிலவற்றில் வராது. அமேசானின் டைனமோடிபி ஒரு பக்கத்துக்கு 1 மெகாபைட் அளவுக்குத் தரவைப் படித்துவிட்டு, அதன்பிறகுதான் நாம் கொடுத்த வடிகட்டியைப் பொருத்துகிறது. அந்த 1 மெகாபைட்டில் நமக்கு வேண்டியது ஒன்றுமே இல்லாவிட்டால் வெறும் பக்கம் வரும். ஆனால் `LastEvaluatedKey` கூடவே வரும். வேண்டிய பதிவுகள் அடுத்த பக்கத்தில் இருக்கலாம். வெறும் பக்கத்தைப் பார்த்து நின்றுவிடும் நிரல் பாதிவழியில் நின்றுவிட்டது. இன்னொன்று, ஏபிஐ தன் வரம்பு 100 என்று ஆவணத்தில் சொல்லியிருக்க, நிரலாளர் 500 கேட்டால், சில சேவைகள் மறுக்காமல் பேசாமல் 100 மட்டும் தரும். 500-க்குக் குறைவாக வந்ததால் முடிந்தது என்று ஊகிக்கும் நிரல், வளையம் இருந்தும் முதல் பக்கத்தோடு நிற்கும்.

`save` என்பது வளையத்துக்கு வெளியே இருப்பதும் காரணத்தோடுதான். மூன்றாவது பக்கத்தில் வேகவரம்பு மீறியதாக 429 என்று மறுப்பு வந்தால் இந்த நிரல் உடைந்து விழும், எதுவும் சேமிக்கப்படாது, காலையில் அறிக்கை வராது, யாராவது வந்து பார்ப்பார்கள். அந்த மறுப்பை விழுங்கிவிட்டு, கிடைத்த இரண்டு பக்கங்களைச் சேமித்து, வெற்றி என்று பதியும் நிரல் பழைய நோயையே புதிய வடிவில் கொண்டுவருகிறது. அறிக்கை வராத காலையைவிடப் பாதி அறிக்கை வரும் காலை மோசமானது.

சோதிப்பதற்கு லட்சம் பதிவுகள் தேவையில்லை. சோதனைக் கணக்கில் ஐந்து பதிவுகளை வைத்துக்கொண்டு `limit=2` என்று ஓட்டினால் போதும். மூன்று பக்கங்கள் வர வேண்டும், ஐந்தும் ஒருமுறை மட்டும் வந்திருக்க வேண்டும். பிறகு நான்கு பதிவுகளோடு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பக்க அளவின் சரியான மடங்கில்தான் வளையங்கள் தடுமாறும். இரண்டுக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகாது.

எல்லாப் பக்கங்களையும் படித்த பிறகும்

பக்கம் புரட்டும் முறைகளில் இரண்டு வகை பரவலாக உண்டு. ஒன்று, இத்தனை பதிவுகளைத் தாண்டி அடுத்த 100-ஐக் கொடு என்பது. இன்னொன்று, இந்தப் பதிவுக்கு அடுத்ததிலிருந்து 100 கொடு என்பது. முதல் முறை எண்ணிப் போகிறது. இரண்டாவது அடையாளம் வைத்துப் போகிறது. பட்டியல் அசையாமல் இருந்தால் இரண்டும் ஒன்றே. அசையும் பட்டியலில் எண்ணிப் போகும் முறை பதிவுகளைத் தவறவிடும்.

நம் கடையில் இன்னொரு நிரல் இருக்கிறது. நிலுவையில் உள்ள ஆர்டர்களைக் கேட்டு, ஒவ்வொன்றையும் கூரியருக்கு அனுப்பி, அனுப்பப்பட்டது என்று மாற்றுகிறது. நிலுவை 400. முதல் பக்கத்தின் 100-ஐ அனுப்பி முடிக்கிறது. இப்போது நிலுவையில் இருப்பவை 300. இரண்டாவது பக்கம் வேண்டும் என்று, முதல் 100-ஐத் தாண்டிக் கேட்கிறது. தாண்டப்பட்ட 100 யார்? இன்னும் அனுப்பப்படாதவர்கள். அடுத்த 100 அனுப்பப்பட்டதும் நிலுவை 200. மூன்றாவது பக்கத்துக்காக 200-ஐத் தாண்டினால் வெறும் பக்கம் வருகிறது. நிரல் முடிந்தது என்கிறது. 400-இல் 200 பேருக்குப் பொருள் போகவில்லை. வளையம் இருந்தது, வெறும் பக்கம் வரும்வரை படித்தது. எல்லாம் முறைப்படி நடந்தும் பாதி விட்டுப்போயிற்று. முழுப் பட்டியலையும் முதலில் படித்து வைத்துக்கொண்டு பிறகு வேலையைத் தொடங்க வேண்டும். அல்லது ஒவ்வொரு முறையும் முதல் பக்கத்தையே மறுபடி கேட்க வேண்டும்.

வரிசை நிலையாக இல்லாவிட்டாலும் இதே கதைதான். நியூயார்க், சிகாகோ போன்ற நகரங்களின் திறந்த தரவுத் தளங்கள் இயங்கும் சொக்ராட்டா, வரிசையைக் குறிப்பிடாமல் கேட்டால் பதிவுகள் எந்த வரிசையிலும் வரலாம், பக்கம் புரட்டுபவர்கள் `$order` கொடுக்க வேண்டும் என்று தன் ஆவணத்திலேயே சொல்கிறது. கொடுக்காவிட்டால் ஒரு பதிவு இரண்டு பக்கங்களிலும் வரலாம், இன்னொன்று எதிலும் வராமல் போகலாம். மொத்த எண்ணிக்கை மட்டும் சரியாக இருக்கும். ஆகவே எண்ணிக்கையை ஒப்பிடும்போது வரிகளை எண்ணாமல், தனித்த அடையாள எண்களை எண்ண வேண்டும்.

பின்னர், தாண்ட முடியாத கூரைகள். கிட்ஹப்பின் தேடல் ஏபிஐ, பொருந்துபவை 20,000 என்று `total_count`-இல் சொன்னாலும், முதல் 1,000-க்கு மேல் தராது. எலாஸ்டிக்சர்ச் இயல்பாக 10,000-க்கு அப்பால் எண்ணிப் போக விடாது. மொத்த எண்ணிக்கையைக்கூட இயல்பாக 10,000 வரைதான் துல்லியமாக எண்ணும், அதற்கு மேல் இத்தனைக்குக் குறையாமல் என்று மட்டும் சொல்லும். இங்கே வளையம் உதவாது. கேள்வியைத்தான் பிளக்க வேண்டும்: மாதவாரியாகக் கேட்டு, ஒரு மாதத்தின் எண்ணிக்கை கூரையைத் தொட்டால் வாரமாக, நாளாகப் பிளந்து, ஒவ்வொரு துண்டும் கூரைக்குக் கீழே இருக்கிறது என்று உறுதிசெய்துகொண்டு படிக்க வேண்டும்.

பட்டியலுக்குள் பட்டியல் இருப்பதும் பலருக்குத் தெரியாமல்போகும். ஸ்ட்ரைப்பில் ஒரு இன்வாய்ஸைக் கேட்டால், அதனுள் உள்ள பொருள் வரிகளில் முதல் சில மட்டும் கூடவே வரும். அந்த உள்பட்டியலுக்குத் தனியாக ஒரு `has_more` உண்டு. இன்வாய்ஸ்கள் அத்தனையையும் பக்கம் விடாமல் படித்த நிரல், நீளமான இன்வாய்ஸ்களின் கடைசி வரிகளை விட்டிருக்கும். மொத்த வாங்குபவர்களின் பில்தான் நீளமானது. பொருள்வாரி விற்பனைக் கணக்கில் அவர்கள் வாங்கியதே குறைந்து தெரியும்.

நடந்துபோனதைச் சரிசெய்வது

நிரலைத் திருத்திய அன்றே வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பது பெரும்பிழை. ஜூலை முதல் விடுபட்டவை தரவுத்தளத்தில் இன்னும் இல்லை. திருத்திய நிரலால் தொடக்க நாளிலிருந்து, ஒரு நாளுக்கு ஒரு கோரிக்கைத் தொடராக, எல்லாவற்றையும் மறுபடி இழுத்து, அடையாள எண்ணை வைத்து இல்லாதவற்றை மட்டும் சேர்க்க வேண்டும். எந்த நாளில் எத்தனை புதிதாகச் சேர்ந்தது என்ற அட்டவணையை எடுத்து வைக்க வேண்டும். எந்த நாளின் அறிக்கை எவ்வளவு தவறு என்பதை அந்த அட்டவணைதான் சொல்லும். அதை முதலாளியிடமும், கணக்கரிடமும், அந்த எண்களை வைத்து வரி தாக்கல் செய்தவரிடமும் கொடுக்க வேண்டும். தரவைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டால், போன மாதம் அச்சிட்ட அறிக்கையும் இன்று எடுக்கும் அறிக்கையும் ஏன் வேறாக இருக்கின்றன என்று பிறகு யாருக்கும் விளங்காது.

இதைத் தள்ளிப்போடவும் முடியாது. சில ஏபிஐகள் பழையதைத் திருப்பித் தருவதே இல்லை. கிட்ஹப்பின் நிகழ்வுப் பட்டியல் கடைசி 300 நிகழ்வுகளுக்கு மேல் பின்னோக்கிப் போகாது. அப்படிப்பட்ட இடத்தில் அன்று படிக்காத பக்கம் போனது போனதுதான்.

நீங்கள் வெளியார் ஏபிஐயிலிருந்து தரவு இழுத்துக் கணக்கு வைப்பவர் என்றால், மேலே உள்ள அந்த நான்கு வரிக் கேள்வியை உங்கள் தரவுத்தளத்தில் இன்று ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். 100 என்ற எண் அடுத்தடுத்த நாட்களில் வரிசையாக வந்து நின்றால், ஏபிஐ இன்னும் பழைய பதிவுகளைத் தந்துகொண்டிருக்கும்போதே மறு இழுப்பைத் தொடங்கிவிடுங்கள்.